3839 நாற்றுகளில் 32

மக்காச்சோளத்தில் இரண்டு குணங்களை ஒரே நேரத்தில் கவனித்து எண்ணிய ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒரு குணம் மணியைப் பற்றியது: மணி மாவாக இருக்கும், அல்லது இனிப்பாக இருக்கும். மற்றது நாற்றின் அடி இலையைப் பற்றியது: பச்சை, அல்லது வெள்ளை. மாவும் பச்சையும் ஓங்கு பண்புகள். இனிப்பும் வெள்ளையும் ஒடுங்கு பண்புகள். இரண்டு குணத்திலும் கலப்பாக இருந்த செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, பிறந்த 3839 நாற்றுகளையும் எண்ணிப் பார்த்தார்கள். மாவும் பச்சையுமாக 1997, மாவும் வெள்ளையுமாக 906, இனிப்பும் பச்சையுமாக 904, இனிப்பும் வெள்ளையுமாக வெறும் 32.

மெண்டலின் விதிப்படி இரண்டு குணங்களும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் பிரிந்திருந்தால் இந்த நான்கு வகைகளும் 9:3:3:1 என்ற விகிதத்தில் வந்திருக்கும். கடைசி வகையில் 240 நாற்றுகளாவது இருந்திருக்க வேண்டும். 32தான் இருக்கிறது என்றால் அந்த இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் பிணைந்து கிடக்கின்றன என்று பொருள். எவ்வளவு நெருக்கமாக என்பதுதான் கேள்வி.

ரொனால்டு ஃபிஷர் இந்த எண்களைத் தன் புகழ்பெற்ற புள்ளியியல் நூலில் எடுத்தாண்டார். ஆய்வாளர்களுக்காக அவர் எழுதிய அந்த நூலின் முதல் பதிப்பு 1925இல் வந்தது. இந்தக் கணக்கைப் பிந்தைய பதிப்பில் சேர்த்தார். ஓர் எண்ணை மதிப்பிடுவது எப்படி, அந்த மதிப்பீட்டில் எவ்வளவு தடுமாற்றம் இருக்கிறது என்பதை அதே தரவிலிருந்தே சொல்வது எப்படி என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

இந்தச் செடிகளில் மாவும் வெள்ளையும் ஒரு பெற்றோரிடமிருந்தும், இனிப்பும் பச்சையும் மற்றப் பெற்றோரிடமிருந்தும் வந்தன. ஆகவே இனிப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்ந்த இனச்செல் உருவாக வேண்டுமானால் குரோமோசோம்களுக்குள் குறுக்கேற்றம் நடந்தே தீர வேண்டும். அப்படி மறுகூட்டிணைவு நடக்கும் விகிதத்தை r என்போம். அதில் பாதி இனச்செல்கள் 'இனிப்பு-வெள்ளை', மறுபாதி 'மாவு-பச்சை'. இரண்டு ஒடுங்கு பண்பும் வெளியே தெரியும் நாற்றுக்கு அப்படிப்பட்ட இனச்செல் தாய்வழியிலும் தந்தைவழியிலும் வர வேண்டும். எனவே அதன் வாய்ப்பு r/2 பெருக்கல் r/2, அதாவது r²/4. இந்த r² என்பதை θ என்று குறித்தால் நான்கு வகைகளின் வாய்ப்புகளும் எளிமையாகிவிடும்: முதல் வகை (2+θ)/4, நடுவில் இரண்டும் (1−θ)/4, கடைசி θ/4. தெரியாத எண் ஒன்றே ஒன்றுதான்.

இப்போது θவுக்கு ஒவ்வொரு மதிப்பாகக் கொடுத்துப் பார்க்கலாம். 'θ இந்த அளவு என்றால், நம் கையில் இருக்கும் இந்த 1997, 906, 904, 32 வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்கலாம். அந்த வாய்ப்பைத்தான் புள்ளியியலாளர்கள் லைக்லிஹூட் என்கிறார்கள். θவைச் சிறிது சிறிதாக மாற்றி லைக்லிஹூட்டை வரைந்தால் மலை போல ஒரு வளைகோடு கிடைக்கும். மலையின் உச்சி எந்த θவில் இருக்கிறதோ அதுவே மீப்பெரு லைக்லிஹூட் மதிப்பீடு. இந்தத் தரவுக்கு அது ஓர் இருபடிச் சமன்பாட்டில் முடிகிறது: 3839θ² + 1655θ − 64 = 0. தீர்த்தால் θ = 0.0357. வர்க்கமூலம் எடுத்தால் r = 0.189. நூறு இனச்செல்களுக்கு ஏறக்குறைய 19இல் மறுகூட்டிணைவு.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் 0.0357 என்ற எண்ணை எவ்வளவு நம்புவது? வேறொரு வயலில் இன்னொரு 3839 நாற்றுகளை எண்ணியிருந்தால் 0.036 வந்திருக்குமா, 0.06 வந்திருக்குமா?

மறுபடி விதைக்க வேண்டியதில்லை. மலையின் வடிவத்தையே கேட்டால் போதும். உச்சி கூர்மையாக இருந்தால் அங்கிருந்து சிறிது விலகினாலும் லைக்லிஹூட் சட்டென்று சரியும். தரவு மற்ற மதிப்புகளை உறுதியாக மறுக்கிறது என்று பொருள். உச்சி மேடாகப் பரந்து கிடந்தால் பல மதிப்புகள் ஏறக்குறைய ஒரே அளவு பொருந்துகின்றன; தரவுக்கு உறுதியில்லை. ஆகவே அளக்க வேண்டியது உச்சியில் இருக்கும் வளைவை. லைக்லிஹூட்டின் மடக்கையை எடுத்து, அதை இருமுறை வகையிட்டு, குறையை மாற்றி, மதிப்பிட்ட θவை அதில் இட்டால் கிடைக்கும் எண்தான் அந்த வளைவு. இதற்கு அவதானித்த தகவல் என்று பெயர் சொல்லலாம். உண்மையில் அவதானித்த எண்ணிக்கைகளை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. அதன் தலைகீழ் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை. தகவல் பெருகப் பெருகத் திட்டப்பிழை சுருங்கும்.

நம் தரவுக்கு அந்த வளைவு மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகை:

1997/(2+θ)² + 1810/(1−θ)² + 32/θ²

நடுவில் இருக்கும் 1810 என்பது 906உம் 904உம் சேர்ந்தது. θ = 0.0357 என்று இட்டால் முதல் பகுதி ஏறக்குறைய 482, இரண்டாவது 1947, மூன்றாவது 25,091. மொத்தம் 27,519 சுமார். அதன் வர்க்கமூலம் 165.9. திட்டப்பிழை 1/165.9, அதாவது 0.0060.

அந்த மூன்று எண்களையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். மொத்தத் தகவலில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கடைசிப் பகுதியிலிருந்து, அதாவது வெறும் 32 நாற்றுகளிலிருந்து வருகிறது. மீதி 3807 நாற்றுகளும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குகூடத் தரவில்லை. காரணம் எளிது. θ கொஞ்சம் மாறினால் முதல் மூன்று வகைகளின் வாய்ப்பு அவ்வளவாக அசையாது, 0.51 என்பது 0.512 ஆகும், அவ்வளவுதான். ஆனால் கடைசி வகையின் வாய்ப்பு θவோடு நேர் விகிதத்தில் ஏறி இறங்கும். θவைப் பற்றிப் பேசத் தெரிந்த நாற்றுகள் அந்த 32தான். '3839 பேரிடம் ஆய்வு', '10,000 பேரிடம் கணக்கெடுப்பு' என்று படிக்கும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: நாம் தேடும் எண்ணைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் அதில் எத்தனை பேர்? அவதானித்த தகவல் அதை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

இதே திட்டப்பிழையை வேறு வழியிலும் கணக்கிடலாம். உண்மையில் வந்த எண்ணிக்கைகளுக்குப் பதில், θ = 0.0357 என்றால் சராசரியாக எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கைகளை அதே வாய்பாட்டில் இடலாம். கடைசி வகையில் 34.3 எதிர்பார்க்கலாம். இப்படிக் கிடைப்பது எதிர்பார்த்த தகவல்; அதிலிருந்து வரும் திட்டப்பிழை 0.0058. இரண்டுக்கும் வேறுபாடு சிறியதுதான், ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். நம் வயலில் வந்தது 34.3 அல்ல, 32. பேசத் தெரிந்த நாற்றுகள் சராசரியைவிட இரண்டு குறைவு. அதனால் நம் தரவின் உறுதியும் சற்றுக் குறைவு. 1978இல் பிராட்லி எஃப்ரானும் டேவிட் ஹிங்க்லியும் ஒரு கட்டுரையில் இந்த இரண்டையும் ஒப்பிட்டு, பொதுவாக அவதானித்த தகவலைப் பயன்படுத்துவதே மேல் என்று வாதிட்டார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வந்திருக்கக்கூடிய எல்லாத் தரவுகளின் சராசரி உறுதி நமக்கு எதற்கு? கையில் இருக்கும் இந்தத் தரவின் உறுதிதானே வேண்டும்.

மதிப்பீடும் திட்டப்பிழையும் கையில் இருந்தால் ஒரு சோதனையைக் கட்டிவிடலாம். தரவு பெரிதாக இருக்கும்போது மீப்பெரு லைக்லிஹூட் மதிப்பீடு உண்மையான மதிப்பைச் சுற்றி மணி வடிவ இயல்நிலைப் பரவலில் சிதறும். அந்தச் சிதறலின் அகலம் திட்டப்பிழை. ஆகவே யாராவது 'θவின் உண்மை மதிப்பு இதுதான்' என்று ஒரு கருதுகோள் சொன்னால், நம் மதிப்பீடு அதிலிருந்து எத்தனை திட்டப்பிழை தொலைவில் இருக்கிறது என்று பார்க்கலாம். கருதுகோள் உண்மையாக இருந்தால் 1.96 திட்டப்பிழைக்கு மேல் விலகுவது நூற்றுக்கு 5 தடவைதான் நடக்கும். அதற்கு மேல் விலகினால் 5 சதவீத அளவில் கருதுகோளை நிராகரிப்பது வழக்கம்.

மெண்டலின் தனித்த பிரிவு உண்மை என்றால் r = 0.5, θ = 0.25. நம் மதிப்பீட்டுக்கும் அதற்கும் உள்ள தொலைவு 0.2143. அதை 0.0060 ஆல் வகுத்தால் 35 திட்டப்பிழைக்கும் மேல். பிணைப்பு இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தச் சோதனைக்கு ஆபிரகாம் வால்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். இதன் பொதுக் கோட்பாட்டை 1943இல் அவர் வெளியிட்டார். அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்தபோது, 1950 டிசம்பர் 13 அன்று அவர் பயணம் செய்த விமானம் நம் நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. அவரும் உடன் வந்த மனைவியும் அதில் மாண்டார்கள். அப்போது அவருக்கு வயது 48. உலகெங்கும் கணினிகள் நாள்தோறும் அச்சிடும் முடிவுப் பட்டியல்களில் 'மதிப்பீடு, திட்டப்பிழை, z' என்று வரிசையாக வரும் அந்த மூன்றாவது எண் அவர் பெயரில் வழங்கும் சோதனை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆனால் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதற்கும் மக்காச்சோளமே சாட்சி.

மரபியலாளருக்கு வேண்டியது θ அல்ல, r. குரோமோசோம் வரைபடத்தில் குறிக்கப்படுவது அதுதான். r = 0.189 என்று தெரியும். அதன் திட்டப்பிழையை θவின் திட்டப்பிழையிலிருந்தே பெறலாம்: 0.0060ஐ 2r ஆல் வகுத்தால் 0.0159. இப்போது சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு கருதுகோளை எடுத்துக்கொள்வோம்: மறுகூட்டிணைவு உண்மையில் 22 சதவீதம், r = 0.22. அதையே θவில் சொன்னால் 0.0484. இரண்டும் ஒரே கூற்றுதான். ஒன்று உண்மையென்றால் மற்றதும் உண்மை.

θவில் சோதித்தால் விலகல் 2.10 திட்டப்பிழை. 1.96ஐத் தாண்டுகிறது, கருதுகோளை நிராகரிக்க வேண்டும். r இல் சோதித்தால் விலகல் 1.95 திட்டப்பிழை. தாண்டவில்லை, நிராகரிக்க முடியாது. அதே நாற்றுகள், அதே கருதுகோள், அதே முறை. எந்த எழுத்தில் கணக்கை எழுதினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. r = 0.5 என்ற பழைய கருதுகோளிலும் இது நடக்கிறது. θவில் 35க்கு மேல் வந்த விலகல் r இல் 19.5 ஆகிறது. அங்கே இரண்டுமே பிரமாண்டமான எண்கள் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. எல்லையோரத்தில்தான் வலிக்கிறது.

ஏன் இப்படி? வளைவை நாம் உச்சியில் மட்டுமே அளந்தோம். அந்த ஒரே அளவை வைத்து மலை முழுவதும் இருபுறமும் சமமாகச் சரியும் என்று வைத்துக்கொண்டோம். உண்மையான மலை அப்படி இல்லை. திட்டப்பிழையை நம்பினால் உச்சியிலிருந்து 0.0127 தொலைவில், எந்தப் பக்கம் போனாலும், லைக்லிஹூட் உச்சியின் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். நேரடியாகக் கணக்கிட்டால் வலப்பக்கம், θ = 0.0484 இல், அது ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டவே குறைகிறது. இடப்பக்கம், θ = 0.0230 இல், பதினெட்டில் ஒரு பங்காக விழுகிறது. இடப்பக்கம் செங்குத்து, வலப்பக்கம் சாய்வு. கூடுதலான θ மதிப்புகளைத் தரவு அவ்வளவு கடுமையாக மறுக்கவில்லை. Θவில் செய்த சோதனை அதைக் கடுமையாக மறுப்பதாகச் சொல்லிவிட்டது. r இல் எழுதும்போது மலை ஓரளவு சமச்சீராகிறது. அதனால் அந்த 1.95 உண்மைக்கு அருகில் இருக்கிறது.

எவ்வளவு அருகில் என்று பார்க்கவும் வழி உண்டு. உச்சியின் வளைவை விட்டுவிட்டு, உச்சியில் லைக்லிஹூட்டின் மடக்கை எவ்வளவு, கருதுகோள் சொல்லும் இடத்தில் எவ்வளவு என்று இரண்டு உயரங்களையும் நேராகக் கழித்துப் பார்க்கலாம். வேறுபாடு 1.837. அதை இரட்டித்தால் 3.67. தரவு பெரிதாக இருந்தால் இந்த எண்ணை 3.84 உடன் ஒப்பிட வேண்டும், 1.96இன் வர்க்கம்தான் அது. 3.67 அதற்குக் கீழே இருப்பதால் நிராகரிப்பு இல்லை. இந்த முறைக்கு லைக்லிஹூட் விகிதச் சோதனை என்று பெயர். θவில் எழுதினாலும் r இல் எழுதினாலும் உயரம் உயரமே; விடை மாறாது. அந்தக் காரணத்துக்காகவே, முடிவு எல்லையோரத்தில் இருக்கும்போது நான் வால்டின் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு உயரங்களைக் கழித்துப் பார்க்கச் சொல்வேன். கணினிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை.

'பெரிய தரவு' என்ற நிபந்தனை எங்கே உடைகிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. நம்மிடம் 3839 நாற்றுகள் இருக்கின்றன. யார் பார்த்தாலும் பெரிய தரவு. ஆனால் மலையின் வடிவத்தைத் தீர்மானித்தது 32. சமச்சீரின்மை அந்தச் சிறிய எண்ணிலிருந்து வந்தது. இனிப்பும் வெள்ளையுமான நாற்று ஒன்றுகூட வரவில்லை என்று வைத்துக்கொண்டால், மற்ற எண்கள் இப்படியே இருக்க, உச்சி θ = 0 என்ற ஓரத்துக்குப் போய்விடும். அங்கே மலை உச்சியில் தட்டையாவதில்லை. சுவரில் மோதி நிற்கிறது. இருமுறை வகையிட்டால் ஏதோ ஓர் எண் வரும், கணினி அதை அச்சிடவும் செய்யும், ஆனால் அது திட்டப்பிழை அல்ல. மதிப்பீடு அனுமதிக்கப்பட்ட எல்லையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால் பக்கத்தில் இருக்கும் திட்டப்பிழையைப் படிக்காமல் இருப்பதே நல்லது. தேடல் உச்சிக்குப் போய்ச் சேராமல் பாதி வழியில் நின்றுவிட்டாலும் இதே கதிதான். தோராயமான வேறொரு எளிய முறையில் இந்தத் தரவிலிருந்து θ = 0.057 என்று வரும். அந்த இடத்தில் வளைவை அளந்தால் திட்டப்பிழை 0.009 என்று காட்டும். சரியான 0.0060ஐவிட ஒன்றரை மடங்கு.

இவை எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு நம்பிக்கை கிடக்கிறது: நான்கு வகைகளின் வாய்ப்புகளும் நாம் எழுதியபடிதான் இருக்கின்றன என்பது. திட்டப்பிழை இதைச் சோதிப்பதில்லை. மாதிரி சரி என்று எடுத்துக்கொண்ட பிறகுதான் அது பேசத் தொடங்குகிறது. இந்தத் தரவில் நியாயமான ஐயம் ஒன்று உண்டு. வெள்ளை இலை பச்சையம் இல்லாத இலை. அப்படிப்பட்ட நாற்றுகள் பலவீனமாகி, எண்ணுவதற்கு முன்பே பட்டுப்போயிருந்தால் 32 என்ற எண் பிணைப்பால் மட்டும் குறைந்திருக்காது. அப்போது 0.0357 தவறு, 0.0060 என்ற திட்டப்பிழை அந்தத் தவறைச் சுற்றி நேர்த்தியாக ஒரு வேலி போட்டுத் தரும், அவ்வளவே.

இதைத் தரவிடமே கேட்கலாம். வெள்ளை இலை நாற்றுகள் பிணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தத்தில் கால் பங்கு இருக்க வேண்டும்: 3839இல் 960. இருப்பவை 906உம் 32உம் சேர்ந்து 938. குறைவு 22. தற்செயலாக மட்டும் வரும் ஏற்ற இறக்கம் இங்கே 27 அளவுக்கு இருக்கும் என்பதால், 22 குறைந்ததில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இனிப்பு மணிகளின் கணக்கும் அப்படியே: 936. நான்கு வகைகளிலும் எதிர்பார்த்ததையும் வந்ததையும் ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனை 2.0 தருகிறது, மாதிரி பொருந்தாது என்று சொல்ல வேண்டுமானால் அது 5.99ஐத் தாண்டியிருக்க வேண்டும். வெள்ளை நாற்றுகள் பெருமளவில் செத்துப்போகவில்லை. 32ஐ நம்பலாம்.